நகரியில் தறிக் கொட்டகைக்கு அடுத்த திண்ணை: வசனத்தை அங்கேயே பதிவு செய்ய முடியுமா?

ஏகாம்பரகுப்பம்காரி (காலை 7:40)

வணக்கம். நகரியில் ஒரு குறும்படம் எடுக்கிறோம், 20 நிமிடம். அதில் முக்கியமான காட்சி ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. அம்மாவும், சென்னையிலிருந்து திரும்பி வந்த மகளும் நான்கு நிமிடம் பேசுகிறார்கள். வீட்டை ஒட்டி ஒரு தறிக் கொட்டகை. எதிர்வரிசையில் இன்னொன்று. ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் விசைத்தறி ராத்திரி வரைக்கும் ஓடும்.

நேற்று இடம் பார்க்கப் போனபோது போனில் உள்ள சத்தமானியில் பார்த்தேன். திண்ணையில் 74 டெசிபல் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. தறிகள் இரண்டு மூன்று அடி அடித்துவிட்டு அப்படியே நின்றன. உடனே 52க்கு இறங்கிவிட்டது. நான் பிறந்து வளர்ந்த தெருதான், ஆனால் அந்த வீட்டு முருங்கை மரத்தில் அணில் கத்துவதை நேற்றுதான் கேட்டேன்.

கையில் இருப்பது ஒரு ஷாட்கன் மைக், பூம் கம்பு, இரண்டு வயர்லெஸ் காலர் மைக், நான்கு சேனல் ரெக்கார்டர். மூன்று நாள் படப்பிடிப்பு. இந்தச் சத்தத்தில் வசனத்தைச் சுத்தமாக எடுக்க வழி உண்டா?

வெள்ளித்திரை_வேலூர் (காலை 8:15)

கவலையே வேண்டாம். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரை வாடகைக்கு எடுங்கள். லெவல் பார்க்கவே தேவையில்லை. ஷாட்கன் மைக் நேராக இருப்பதை மட்டும்தான் எடுக்கும், பக்கத்துச் சத்தம் வராது. மிச்சத்தை எடிட்டில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்துவிடலாம். நான் ஏசி சத்தத்தை அப்படித்தான் எடுத்தேன், சுத்தமாகப் போய்விட்டது.

பூம்கம்பு (காலை 9:30)

வேலூர் தம்பி சொன்னதில் ஏசி விஷயம் சரி. ஏசி ஒரே சீராக ஓடும் சத்தம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். தறி அப்படி இல்லை. ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுகிறது. பேச்சில் 'க', 'ட', 'ப' எல்லாம் எங்கே இருக்கிறதோ அங்கேயே விழுகிறது. அதை எடுக்கப் போனால் வல்லினமும் சேர்ந்து போய்விடும், அம்மா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும்.

32 பிட் ஃப்ளோட் எதற்கு என்றால், யாராவது திடீரென்று கத்தினால் ரெக்கார்டரில் உடையாமல் இருப்பதற்கு. குரலுக்கும் தறிக்கும் உள்ள வித்தியாசம் மைக்குக்குள் நுழையும்போதே முடிவாகிவிடுகிறது. எத்தனை பிட்டில் எழுதினாலும் அது மாறாது.

தங்கச்சி, உங்கள் அளவுகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். தூரத்தைப் பாதியாக்கினால் 6 கூடும். அரை மீட்டரில் 66, கால் மீட்டரில் 72. உங்கள் திண்ணை 74. அதாவது மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாலும் தறிதான் ஜெயிக்கிறது. எந்த மைக் வாங்கினாலும் இதுதான் நிலை. கரண்டு போனபோது 52, அப்போது 20 வித்தியாசம் கிடைக்கிறது. அது நல்ல பதிவு.

பத்துக்குக் கீழே இருந்தால் வசனம் புரியும், ஆனால் ஷாட்டை வெட்டும் இடமெல்லாம் காதில் விழும். பதினைந்துக்கு மேல் இருந்தால் வேலை செய்யலாம். இது என் கைக்கணக்கு. போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போனில் இரண்டு நிலையை ஒப்பிடத் தாராளமாகப் போதும்.

ஆகவே கேள்வி மைக்கைப் பற்றியது இல்லை. 74 எதனால் வருகிறது, அதில் எதை நிறுத்த முடியும் என்பதுதான். பக்கத்துக் கொட்டகை மட்டும் நின்றால் எவ்வளவு? இரண்டும் நின்றால் எவ்வளவு? அளந்து சொல்லுங்கள்.

குரல்பதிவு_67 (காலை 10:05)

இவ்வளவு சிரமம் எதற்கு? நம் சினிமா எத்தனை வருடமாக டப்பிங்கில் ஓடியிருக்கிறது. பைலட் ட்ராக் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரே நாளில் சென்னையில் பேசி முடித்துவிடலாம். தியேட்டரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஏகாம்பரகுப்பம்காரி (காலை 10:50)

சார், நல்ல யோசனைதான். ஆனால் அம்மாவாக நடிப்பவர் எங்கள் தெரு அத்தை. இதுவரை கேமரா முன்னால் நின்றதில்லை. அவர் பேச்சில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். "ஏமிடி இது, சாப்பிடாமலே போறே" என்று பேசுவார். எழுதிக் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். திரையைப் பார்த்து உதட்டுக்குப் பேசச் சொன்னால் அந்த உயிர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. மகளாக நடிக்கும் பெண்ணை வேண்டுமானால் டப்பிங் பேச வைக்கலாம்.

குரல்பதிவு_67 (காலை 11:10)

ஒருவர் லைவ், ஒருவர் டப்பிங் என்று மட்டும் செய்துவிடாதீர்கள் அம்மா. இரண்டு பேரும் இரண்டு வேறு வீட்டில் இருந்து பேசுவது போல இருக்கும். எடுத்தால் இரண்டு பேரையும் ஒரே மாதிரி எடுங்கள். அத்தை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்.

பித்தளை_மணி (காலை 11:25)

அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுங்கள். நான் என் மாடி அறையில் அப்படித்தான் செய்திருக்கிறேன், யூடியூப்புக்குப் பாடல் பதிவு செய்கிறேன். செலவு 300 ரூபாய்கூட ஆகவில்லை.

பூம்கம்பு (மதியம் 12:40)

மணி சார், அவர்கள் கேட்பது வெளித் திண்ணை, அறை இல்லை. முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றும், வெளியிலிருந்து வரும் தறிச் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும்: சுவர், கனமான கதவு, மூடிய ஜன்னல். ஆனால் ஓர் அறை எப்படியும் இவர்களுக்குத் தேவைப்படும், அதற்குப் பிறகு வருகிறேன்.

நெசவுக்கார_வீடு (மதியம் 1:15)

நான் புத்தூர் பக்கம். அப்பா தறி ஓட்டினார், நானும் பத்து வருடம் ஓட்டினேன். சினிமா தெரியாது. தறியை நிறுத்துவது பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு டேக்குக்கும் "நிறுத்து, ஓட்டு, நிறுத்து" என்று கேட்காதீர்கள். தறியை நிறுத்தி மறுபடி ஓட்டும் இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். ஒன்றிரண்டு இருந்தால் சமாளிப்பார்கள். ஒரு சேலையில் பத்துக் கோடு விழுந்தால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள், நஷ்டம் ஓட்டுபவர் தலையில் விழும். நிறுத்தினால் ஒரே நிறுத்தாக இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அதுவும் சேலை முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடமாகப் பார்த்துக் கேளுங்கள்.

அப்புறம் கூலி. ஓட்டுபவருக்கு மாதச் சம்பளம் இல்லை, நெய்த அளவுக்குத்தான் காசு. முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரக் கூலியை ஓட்டுபவர் கையில் கொடுங்கள்.

ஏகாம்பரகுப்பம்காரி (மாலை 6:20)

அண்ணா, மிக்க நன்றி. கோடு விழும் விஷயம் எனக்குத் தெரியாது, தறித் தெருவிலேயே வளர்ந்தும். இன்று மாலை இரண்டு கொட்டகையிலும் பேசினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எப்படியும் கொஞ்ச நேரம் நிற்குமாம். அதோடு சேர்த்து 12:30 முதல் 2:30 வரை, இரண்டு நாள் நிறுத்தித் தருகிறார்கள். ஆறு பேருக்கும் அந்த நேரக் கூலியைக் கொடுக்கிறோம்.

அளந்தேன். பக்கத்துக் கொட்டகை மட்டும் நின்றால் 66. எதிர்வரிசையும் நின்றால் 59. அதற்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த தெருத் தறிகளும், பெரிய ரோட்டில் போகும் லாரிகளும் இருக்கின்றன.

பூம்கம்பு (இரவு 8:45)

59 என்றால் ஒரு சாண் தூரத்தில் 13. அடுத்த தெருச் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடி, ஒரு காதைப் பொத்தி மெதுவாகத் திரும்பினால் தெரியும். பெரும்பாலும் ஒரு சந்து வாய்தான் புனலாக வேலை செய்யும். ஃப்ரேமுக்கு வெளியே அந்த வாயில் கம்பு நட்டு, கனமான ஜமுக்காளங்களை இரட்டையாகத் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று டெசிபல் கிடைக்கும். அதோடு சரியாகப் பதினைந்தைத் தொடுவீர்கள்.

இனி பலரும் கோட்டைவிடும் இடம். தறியை நிறுத்தியவுடன் நடிகர்கள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அமைதியான தெருவில் யார் கத்திப் பேசுவார்கள்? ஆனால் படத்தில் அந்தத் தெருவில் தறி ஓட வேண்டும். எடிட்டில் தறிச் சத்தத்தைக் கீழே போட்டவுடன், இரைச்சலுக்கு நடுவில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுவார்கள். எவ்வளவு சுத்தமான பதிவாக இருந்தாலும் அது பொய்யாகத் தெரியும்.

அதனால் ஒத்திகையைத் தறி ஓடும்போதே வையுங்கள். அத்தைக்கு அந்தக் குரல் பழக்கம்தான், வாழ்நாள் முழுக்க அப்படித்தானே பேசியிருப்பார். மகளாக வரும் பெண்ணுக்கும் அந்த அளவு வாயில் நிற்க வேண்டும். பிறகு நிறுத்திவிட்டு அதே குரலில் எடுங்கள். சத்தத்துக்கு மேல் பேசும் குரல் ஐந்தாறு டெசிபல் கூடுதலாக இருக்கும். ஆக உங்கள் 15 இப்போது 20 ஆகிவிட்டது, வாடகைக்கு எதுவும் எடுக்காமலே.

தறியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கொட்டகைக்குள்ளிருந்து ஒன்று, சந்திலிருந்து ஒன்று, திண்ணையில் அத்தை உட்காரும் இடத்திலிருந்து ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், யாரும் பேசாமல், அசையாமல். திண்ணையில் எடுப்பதுதான் முக்கியம், அந்தச் சுவரில் பட்டு வரும் சத்தம் அதில்தான் இருக்கும். எடிட்டில் அதைக் காட்சி முழுக்க வெட்டாமல் ஒரே துண்டாக ஓட விடுங்கள். தறிக்குத் தாளம் இருக்கிறது. ஷாட்டோடு சேர்ந்து அது வெட்டுப்பட்டால் தாளம் தவறும், படம் பார்க்கும் யாருக்கும் அது உறுத்தும். தறி நின்ற நிலையில் குரலை எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

நெசவுக்கார_வீடு (இரவு 9:10)

தாளம் என்றது உண்மை. எங்கள் தறி நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேல் அடிக்கும். ஓர் அடி பிசகினால் தூக்கத்திலேயே அப்பா எழுந்துவிடுவார்.

வெள்ளித்திரை_வேலூர் (இரவு 9:40)

அண்ணா, 32 பிட் விஷயம் புரிந்தது. ஆனால் ஷாட்கன் பக்கத்துச் சத்தத்தை எடுக்காது என்பது சரிதானே?

பூம்கம்பு (இரவு 10:05)

பாதி சரி தம்பி. கீச்சுச் சத்தத்தைப் பக்கத்திலிருந்து நன்றாகவே குறைக்கும். லாரி உறுமல், தறியின் 'தொம்' மாதிரி கனத்த சத்தத்துக்கு அந்தக் குழாய் ஒன்றும் செய்யாது. அதோடு தாழ்ந்த கூரைக்கு அடியில் சத்தம் எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி நேர் எதிரிலிருந்தும் வந்து சேரும். திண்ணையில் தூரத்திலிருந்து நீட்டினால் குரல் டப்பாவுக்குள் இருப்பது போல வரும். மேலேயிருந்து, ஃப்ரேமின் விளிம்பை உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். கூடவே ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டால் லாரி உறுமல் குறையும். பெண்கள் குரல் அதற்கு மேலேதான் ஆரம்பிக்கிறது, இங்கே நஷ்டம் இல்லை.

ஊமைவிழி (இரவு 10:30)

நான் ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். இங்கே பூமை நம்பாமல் காலர் மைக்கையே முதலாக வைப்பேன். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் எப்போதும் இருப்பது அதுதான். பூம் பிடிப்பவர் புதியவர் என்றால் கை ஆடும், தலை திரும்பினால் குரல் போய்விடும்.

அத்தைக்குக் காலர் வைக்கும்போது தாலிச் சங்கிலியைக் கவனியுங்கள். ஒருமுறை முழு நேர்காணலும் 'கிலுக் கிலுக்' என்று வந்து அழாத குறை. சங்கிலியைக் கழற்றச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் குழுவில் ஒரு பெண் உதவியாளர் அத்தையிடம் சொல்லிவிட்டு, சங்கிலியை ரவிக்கைக்கு உள்பக்கமாக மைக்ரோபோர் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். மைக் ரவிக்கை விளிம்பில், சேலை மடிப்பு உரசாத பக்கத்தில். சிந்தெடிக் சேலை வேண்டாம், மொரமொரவென்று வரும். பழைய பருத்திச் சேலை நல்லது.

பூம்கம்பு (இரவு 10:50)

சங்கிலி விஷயம் அருமை. ஆனால் முதல் இடம் காலருக்கா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. காலர் மைக் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கும். நெஞ்சில் இருப்பதால் முகம் மூலம் வரும் தெளிவும் குறைவு. க்ளோஸ் ஷாட்டில் பூம் பக்கத்தில் வர முடிகிறபோது பூம்தான் நன்றாக இருக்கும். வைட் ஷாட்டுக்குக் காலர். இரண்டையும் தனித்தனிச் சேனலில் எழுதுங்கள், எடிட்டில் முடிவு செய்யலாம்.

ஊமைவிழி (இரவு 11:05)

பூம் பிடிப்பவர் நீங்களாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். முதல் படம் செய்யும் பையன் கையில் அந்தக் கம்பு இருந்தால் காலரைத்தான் நம்புவேன்.

பூம்கம்பு (காலை 7:15)

ராத்திரி யோசித்ததில் இன்னொன்று தோன்றியது. தங்கச்சி முதல் பதிவில் கரண்டு போனதைச் சொன்னார்களே, அதைக் காட்சிக்குள்ளேயே கொண்டுவந்தால் என்ன? முதல் இரண்டு நிமிடம் தறிக்கு மேல் குரல் உயர்த்திப் பேசுகிறார்கள். நடுவில் கரண்டு போகிறது, தறி நிற்கிறது. முக்கியமான வசனம் அந்த அமைதியில் வருகிறது. கேட்பவருக்கு அணில் சத்தமும் விழட்டும். முதல் ஷாட்டில் கொட்டகையின் உள்ளே தறியைக் காட்டி முழுச் சத்தத்தோடு ஆரம்பித்தால், அதன் பிறகு வசனத்துக்காகத் தறியை மெல்ல மெல்லக் குறைத்தாலும் யாருக்கும் தெரியாது.

கரண்டு போவதையும் நிஜமாகப் பதிவு செய்யுங்கள். நீங்கள் கேட்ட அந்த இரண்டு மூன்று அடி, நிற்கும் முன் வருவது, அதைச் செயற்கையாகச் செய்தால் சரியாக வராது.

அறை எதற்கு என்றால், ஒவ்வொரு காட்சியும் முடிந்த கையோடு இரண்டு பேரையும் உள்ளறைக்கு அழைத்துப்போய், கதவை மூடி, நான்கு பக்கமும் போர்வை தொங்கவிட்டு, அதே வசனத்தை அதே வேகத்தில் இரண்டு முறை பேச வைத்து எடுங்கள். ஹாரன் ஒரு சொல்லின் மேல் விழுந்திருந்தால் அந்தச் சொல் இங்கிருந்து கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் அந்தத் தொனி போய்விடும். திண்ணையில் ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் ஒரு நிமிட வெற்றுச் சத்தமும் தவறாமல் வேண்டும், எல்லாரும் அசையாமல் நின்று.

ஏகாம்பரகுப்பம்காரி (பதினோரு நாள் கழித்து, இரவு 9:30)

படப்பிடிப்பு முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சந்து வாயில் ஜமுக்காளம் கட்டிய பிறகு 57. ஒத்திகை தறி ஓடும்போது செய்தோம். 12:30க்கு நிறுத்தினார்கள். முதல் டேக்கில் மகளாக நடித்தவர் குரல் மூன்றாவது வசனத்திலேயே இறங்கிவிட்டது. பூம்கம்பு அண்ணா சொன்னது ஞாபகம் வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக் கையை உயர்த்திக் காட்டச் சொன்னோம். அப்புறம் நின்றது.

அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, மறக்காமல் இருக்க எங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டோம். இது ஒரு நண்பர் சொன்ன வழி. ரயில் ஹாரனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, அரக்கோணம்-ரேணிகுண்டா பாதை அவ்வளவு பக்கம். நான்கு டேக் அதில் போனது. அதில் ஒன்றில் அத்தை மிக நன்றாகப் பேசியிருந்தார். ஹாரன் விழுந்த இரண்டு சொல்லை உள்ளறைப் பதிவிலிருந்து எடுத்துப் பொருத்திவிட்டோம்.

ஒரு வைட் ஷாட் தேறவில்லை. 2:30 தாண்டிவிட்டது, தறி ஓட ஆரம்பித்துவிட்டது. காலரில் எடுத்தோம், குரலும் தறியும் பிரிக்க முடியாமல் இருக்கிறது. அதில் வசனம் ஒன்றரை வரிதான். உதடு சரியாகத் தெரியாத தூரம் என்பதால் உள்ளறைக் குரலை வைத்துப் பார்க்கிறோம். கொஞ்சம் நெருக்கமாகக் கேட்கிறது. இதை எப்படித் தள்ளிவைப்பது என்று யாராவது சொன்னால் நல்லது.

பூம், காலர் விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதும் நடந்தது. அத்தைக்குப் பூம் நன்றாக வந்தது, அவர் அசையவே இல்லை. மகள் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார், அவருக்குக் காலரைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டையும் சேர்க்கும்போது இன்னும் ஒட்டவில்லை.

கரண்டு போகும் காட்சியையும் எழுதிச் சேர்த்தோம். அதில் ஒன்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதது. "கரண்டு போச்சு" என்று நான் சைகை காட்டிய பிறகும் அத்தை அடுத்த வரியை அதே உயர்ந்த குரலில் பேசினார். பாதியில் தன் குரல் தனக்கே கேட்டதும் சட்டென்று தணித்துக்கொண்டார். அப்போது தறி எதுவும் ஓடவே இல்லை.

பூம்கம்பு (இரவு 10:10)

அந்த டேக்கை மாற்றாதீர்கள்.

வைட் ஷாட்டுக்கு: உள்ளறைக் குரலை ஒரு ஸ்பீக்கரில் திண்ணையில் வைத்து, அத்தை உட்கார்ந்த உயரத்தில் ஓட விட்டு, கேமரா நின்ற இடத்திலிருந்து மைக் வைத்து மறுபடி பதிவு செய்து பாருங்கள். தறி நிற்கும் சாப்பாட்டு நேரத்திலேயே முடிந்துவிடும். அதை உள்ளறைக் குரலோடு கொஞ்சம் கலந்தால் தூரம் கிடைக்கும். காலரும் பூமும் ஒட்டாததற்கு இரண்டின் மாதிரியும் அனுப்புங்கள், கேட்காமல் சொல்ல முடியாது.